ரயிலின் நீளம் எங்கே? விவரம் விடுபட்ட கணக்கைக் கண்டுகொள்வது எப்படி

சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பு மாதிரித் தேர்வுக்காக நான் தயாரித்த வினாத்தாளில் இப்படி ஒரு கணக்கு அச்சாகியிருந்தது: "மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் செல்லும் ஒரு ரயில், ஒரு நடைமேடையை 30 விநாடிகளில் முழுவதுமாகக் கடக்கிறது. நடைமேடையின் நீளம் என்ன?" என் கையெழுத்துப் பிரதியில் "240 மீட்டர் நீளமுள்ள ஒரு ரயில்" என்றுதான் இருந்தது. தட்டச்சில் அந்த இரண்டு மூன்று சொற்கள் விடுபட்டுவிட்டன. மெய்ப்புப் பார்த்த நானும் அதைக் கவனிக்கவில்லை.

விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தபோதுதான் தவறு தெரிந்தது. பாதிக்கு மேற்பட்ட மாணவர்கள் 600 மீட்டர் என்று எழுதியிருந்தார்கள். சிலர் 72ஐயும் 30ஐயும் அப்படியே பெருக்கி 2160 என்று முடித்திருந்தார்கள். ஒரு மாணவர் "ரயிலின் நீளம் 100 மீட்டர் என்று கொண்டால்" என்று தொடங்கி 500 மீட்டர் என்று விடை எழுதியிருந்தார். தேர்வு நடந்தபோது ஒரு மாணவி மட்டும் எழுந்து, "மிஸ், ரயிலோட நீளம் குடுக்கவே இல்லையே?" என்று கேட்டிருக்கிறாள். மேற்பார்வையில் இருந்தவர் வேறு பாடத்து ஆசிரியர். "இருக்கிறத வெச்சுப் போடும்மா" என்று உட்கார வைத்துவிட்டார். அவளும் கடைசியில் 600 என்றுதான் எழுதியிருந்தாள்.

இந்த 600 எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது அர்த்தமற்ற எண் அல்ல. மணிக்கு 72 கி.மீ. என்பது விநாடிக்கு 20 மீட்டர். 30 விநாடிகளில் ரயில் நகரும் தொலைவு 600 மீட்டர். கணக்கீட்டில் பிழை இல்லை, அலகும் மீட்டராகச் சரியாகவே வருகிறது. ஆனால் ரயிலின் முன்முனை நடைமேடையின் தொடக்கத்தைத் தொடும் கணத்திலிருந்து அதன் பின்முனை நடைமேடையின் முடிவை விட்டு விலகும் கணம் வரை ரயில் நகரும் தொலைவு, நடைமேடையின் நீளமும் ரயிலின் நீளமும் சேர்ந்தது. ஆகவே 600 என்பது அந்த இரண்டின் கூட்டுத்தொகை. ஒரு நடைமேடைக்கு 600 மீட்டர் என்பது நம்பத்தகாத அளவும் இல்லை என்பதால், "விடை இயல்பாக இருக்கிறதா என்று பார்" என்று நாம் வழக்கமாகச் சொல்லும் அறிவுரையும் இங்கே கைகொடுக்காது. (நம் நாட்டில் 24 பெட்டிகள் கொண்ட ஒரு நெடுந்தூர ரயிலில் பெட்டி ஒன்று ஏறத்தாழ 24 மீட்டர் இருந்தால், எஞ்சினையும் சேர்த்து ரயிலே 600 மீட்டரை நெருங்கிவிடும். அந்த ரயிலை இந்தக் கணக்கில் ஓடவிட்டால் நடைமேடைக்கு இடமே மிஞ்சாது.)

விடுபட்டதை மாணவர்கள் ஏன் உணர்வதில்லை என்பதற்கு நம் நோட்டுப் புத்தகங்களிலேயே ஒரு காரணம் இருக்கிறது. கணக்கைப் படித்ததும் "கொடுக்கப்பட்டவை", "கண்டுபிடிக்க வேண்டியவை" என்று இரண்டு தலைப்புகளில் எழுதப் பழக்குகிறோம். மேற்கண்ட கணக்கில் முதல் தலைப்பின் கீழ் வேகமும் நேரமும் வரும், இரண்டாவதன் கீழ் நடைமேடையின் நீளம் வரும். ரயிலின் நீளம் கொடுக்கப்படவும் இல்லை, கேட்கப்படவும் இல்லை. அதனால் அது எந்தத் தலைப்பின் கீழும் வராமல் தாளிலிருந்தே மறைந்துபோகிறது. இப்போது என் வகுப்பில் இந்த இரண்டுக்கும் முன்னால் "தேவைப்படுபவை" என்றொரு தலைப்பை எழுதச் சொல்கிறேன். அதை நிரப்பும்போது கணக்கிலுள்ள எண்களைப் பார்க்கக் கூடாது. நிகழ்ச்சியைப் படமாக வரைந்து, இந்த நீளத்தைக் கண்டுபிடிக்க எந்தெந்த அளவுகள் தெரிய வேண்டும் என்று பெயர்களை மட்டும் எழுத வேண்டும். ரயிலையும் நடைமேடையையும் இரண்டு கோடுகளாக வரைந்துவிட்டால், ரயிலின் நீளம் தானாகவே பட்டியலில் ஏறிவிடும். அதன் பிறகு ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் கணக்கில் உள்ள எண்ணை எழுதினால், எதிரில் எண் இல்லாமல் நிற்கும் பெயர் எது என்று கண்ணுக்கே தெரியும்.

ஆனால் வெற்றிடம் தெரிவதாலேயே கணக்கு குறையுள்ளது என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. அதே ரயிலை வைத்து வேறொரு கேள்வி கேட்கிறேன்: "சீரான வேகத்தில் செல்லும் ஒரு ரயில், ஒரு கம்பத்தை 12 விநாடிகளிலும் ஒரு நடைமேடையை 30 விநாடிகளிலும் கடக்கிறது. நடைமேடையின் நீளம் ரயிலின் நீளத்தைப் போல் எத்தனை மடங்கு?" இதில் வேகமே கொடுக்கப்படவில்லை. பட்டியல் போட்ட மாணவர்கள் உடனே "தரவு போதாது" என்று கை தூக்குவார்கள். ஆனால் ரயில் தன் நீளத்தைக் கடக்க 12 விநாடிகள் ஆகின்றன, நடைமேடையின் நீளத்துக்கு மீதி 18 விநாடிகள் ஆகின்றன. வேகம் எதுவானாலும் நடைமேடை ஒன்றரை மடங்குதான். வேகத்தை v என்று எழுதினால் ரயிலின் நீளம் 12v, நடைமேடையின் நீளம் 18v. வகுக்கும்போது v அடிபட்டுப் போகிறது. கொடுக்கப்படாத எண் வேறு, தேவையான விவரம் விடுபடுவது வேறு.

அப்படியானால் உறுதியாகக் கண்டுபிடிப்பது எப்படி? நான் நம்பும் சோதனை ஒன்றுதான். கணக்கில் சொல்லப்பட்ட ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பொருந்தும்படி இரண்டு வெவ்வேறு சூழல்களை அமைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் விடை வேறு வேறாக வந்தால், அந்த வாக்கியங்களிலிருந்து எவராலும் ஒரே விடையைக் கண்டுபிடிக்க முடியாது என்பது நிரூபணமாகிவிடுகிறது. முதல் கணக்கில் ரயில் 150 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடைமேடை 450 மீட்டர். ரயில் 240 மீட்டர் என்றால் நடைமேடை 360 மீட்டர். இரண்டு சூழல்களிலும் ரயில் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில்தான் செல்கிறது, நடைமேடையை 30 விநாடிகளில்தான் கடக்கிறது, வினாத்தாளில் உள்ள எந்தச் சொல்லும் பொய்யாகவில்லை. "எனக்குப் புரியவில்லை" என்று தயங்கும் மாணவருக்கும் "இந்தக் கணக்குக்கு ஒரே விடை கிடையாது" என்று சொல்லும் மாணவருக்கும் உள்ள வேறுபாடு இந்த இரண்டு சூழல்கள்தான்.

இந்தச் சோதனை ஒரு பக்கமாக மட்டுமே வெட்டும் கத்தி என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு சூழல்களில் விடை மாறினால் தரவு போதாது என்பது முடிந்த முடிவு. ஆனால் இரண்டிலும் ஒரே விடை வந்துவிட்டால் தரவு போதும் என்று ஆகிவிடாது. நாம் தேர்ந்தெடுத்த எண்கள் தற்செயலாக ஒத்துப்போயிருக்கலாம். அந்தப் பக்கத்தை நிறுவ, விடுபட்ட அளவுக்கு ஓர் எழுத்தைக் கொடுத்து, இறுதி விடையில் அந்த எழுத்து மிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். கம்பத்துக் கணக்கில் v மிஞ்சவில்லை. முதல் கணக்கில் ரயிலின் நீளத்தை L என்று எழுதினால் விடை 600 − L என்று L மிஞ்சி நிற்கிறது. இந்த 600 − L தன்னளவில் ஒரு நல்ல விடையே. நடைமேடை 600 மீட்டருக்குக் குறைவு என்பதும், ரயிலின் நீளம் கிடைத்த மறுகணம் விடையும் கிடைக்கும் என்பதும் அதில் அடக்கம்.

மாணவர்களைவிட ஆசிரியர்களை அதிகம் ஏமாற்றும் இன்னொரு வகை உண்டு. தெரியாத அளவுகள் இரண்டு, எனவே வாக்கியங்கள் இரண்டு இருந்தால் போதும் என்று எண்ணிக்கை பார்ப்பது அது. முதல் கணக்குடன் இந்த வாக்கியத்தைச் சேர்ப்போம்: "அதே ரயில் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் சென்றால், அதே நடைமேடையைக் கடக்க 60 விநாடிகள் ஆகும்." புதிய எண்கள் இரண்டு வந்துவிட்டதால் கணக்கு நிறைவடைந்ததுபோல் தோன்றுகிறது. ஆனால் விநாடிக்கு 10 மீட்டர் வீதம் 60 விநாடிகளில் வருவதும் அதே 600 மீட்டர். பழைய செய்தியே வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. நாம் அமைத்த இரண்டு சூழல்களும் இந்த வாக்கியத்துக்கும் பொருந்துகின்றன என்பதே அதற்குச் சான்று. இதற்குப் பதிலாக, "இந்த நடைமேடையைப் போல் இரு மடங்கு நீளமுள்ள இன்னொரு நடைமேடையை அதே வேகத்தில் 48 விநாடிகளில் கடக்கிறது" என்று சேர்த்தால் நிலைமை மாறுகிறது. 48 விநாடிகளில் 960 மீட்டர். கூடுதலாக வந்த 360 மீட்டர் முழுவதும் ஒரு நடைமேடையின் நீளம். 150 மீட்டர் ரயில் இந்த வாக்கியத்தில் அடிபட்டுப் போகிறது. 240 மீட்டர் ரயில் மட்டுமே நிலைக்கிறது.

எண்கள் கையில் கிடைத்தால் எதையாவது செய்து விடை சொல்லிவிடும் பழக்கம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது அல்ல. "ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்பல் தலைவரின் வயது என்ன?" என்ற கேள்வியைப் பிரான்சின் க்ரெனோபிள் நகரக் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் தொடக்கப் பள்ளி மாணவர்கள் 97 பேரிடம் கொடுத்தபோது, 76 பேர் அந்த எண்களைக் கொண்டே ஒரு வயதைக் கணக்கிட்டார்கள். இதே கேள்வி 2018இல் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் ஐந்தாம் வகுப்புத் தேர்வுத்தாளில் வந்து உலகச் செய்தியானது. மாணவர்கள் கேள்வியையே ஆராய்ந்து பார்க்கிறார்களா என்று அறியத்தான் கேட்டோம் என்று அங்குள்ள கல்வித்துறையினர் விளக்கினார்கள். ஆனால் கப்பல் தலைவர் கணக்கில் எண்களுக்கும் கேள்விக்கும் ஒட்டே இல்லை என்பதால், நிதானமாகப் படிக்கும் எவரும் சிரித்துவிடுவார்கள். ரயில் கணக்கில் எல்லா எண்களும் கேள்வியோடு ஒட்டியிருப்பதுதான் ஆபத்து. வயதுக்கு 36 என்று எழுதிய குழந்தையைவிட, நடைமேடைக்கு 600 என்று எழுதிய மாணவரைத் திருத்துவது எனக்குக் கடினமாக இருந்தது.

அந்தத் தேர்வில் 600 மீட்டரைத் தொலைவு என்று குறிப்பிட்டு எழுதியவர்களுக்கும், அனுமானத்தை வெளிப்படையாக எழுதி 500 என்று விடை கண்டவருக்கும் முழு மதிப்பெண் கொடுத்தேன். எழுந்து கேட்ட மாணவிக்கும் அப்படியே. 2160க்குக் கொடுக்கவில்லை, ஏனென்றால் அங்கே விடுபட்ட விவரத்தோடு அலகு மாற்றமும் விடுபட்டிருந்தது. வினாத்தாள் தயாரிக்கும் என் முறையையும் மாற்றிக்கொண்டேன். முன்பு கையெழுத்துப் பிரதியிலிருந்தே விடைக்குறிப்பை எழுதிவிட்டு, அச்சுப்படியை எழுத்துப்பிழைக்காக மட்டும் பார்ப்பேன். மனத்தில் 240 இருந்ததால் தாளில் இல்லாத 240ஐயும் சேர்த்தே படித்துவிட்டேன். இப்போது கையெழுத்துப் பிரதியை உள்ளே வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து அச்சுப்படியை மட்டும் வைத்துக்கொண்டு, முதல் கணக்கிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறேன்.