ஸ்டாக்குக்கு ஓட்டுவது, ஆர்டருக்கு ஓட்டுவது: தமிழில் என்ன சொல்லலாம்?

பம்ப்செட் தொழிற்சாலை ஒன்றில் லேத் பக்கம் போய், "இது என்ன ஓடுது?" என்று கேட்டால், "ஸ்டாக்குக்கு" அல்லது "ஆர்டருக்கு" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும். மேக்-டு-ஸ்டாக், மேக்-டு-ஆர்டர் என்று மேலாண்மைப் பாடத்தில் படிப்பது இதைத்தான். நகைக்கடையில் ரெடி நகை, ஆர்டர் நகை என்கிறோமே, அதே கணக்கு.

ஆங்கிலத்தில் ஸ்டாக் என்றால் முதலில் மரத்தின் அடிக்கட்டை. சேர்த்துவைத்த சரக்கு என்ற பொருள் பின்னால் வந்தது. ஆர்டர் லத்தீனின் 'ஓர்டோ'விலிருந்து வந்த சொல். அதற்கு வரிசை என்று பொருள். தமிழில் முதல் சொல்லுக்குச் சிக்கலே இல்லை, 'இருப்பு' கச்சிதம். இரண்டாவதை 'ஆணை' என்று பெயர்க்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. ஆணை என்றால் அரசாணையும் 'உன்மேல் ஆணை'யும்தான் முதலில் நினைவுக்கு வரும். இங்கே முக்கியம் யார் கட்டளையிட்டார் என்பது அல்ல, வேலை எப்போது தொடங்குகிறது என்பதுதான். அதனால் 'இருப்புக்குச் செய்தல்', 'கேட்டபின் செய்தல்' என்பவையே என் தேர்வு.

வீட்டுக்கு வாங்கும் 1 எச்.பி. மோனோபிளாக் பம்பை எவரும் 1 மாதம் காத்திருந்து வாங்க மாட்டார். கடையில் இல்லையென்றால் வேறு கம்பெனிப் பம்பை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆகவே அது இருப்புக்குச் செய்வது. கோடையில் விற்பதைக் குளிர்காலத்திலேயே ஊகித்து ஓட்ட வேண்டும். ஊகம் பிசகினால் குடோனில் தூசி படியும்.

இதில் வாக்குக் கொடுப்பது எளிது என்று தோன்றும். ஒரு கணக்குப் பார்ப்போம். குடோனில் 120 பம்ப் நிற்கிறது. அதில் 90 ஏற்கெனவே மற்ற டீலர்களுக்குச் சொல்லியாயிற்று. அடுத்த தொகுதியாக 200 பம்ப் 18ஆம் தேதி வருகிறது, அதில் 60க்கு ஆள் இருக்கிறது. இப்போது ஒரு டீலர் 50 கேட்கிறார். 120 நிற்கிறதே என்று "இன்றே அனுப்புகிறேன்" என்றால், வேறொருவர் பங்கிலிருந்து 20 பம்பைத் தூக்கிக் கொடுத்ததாக அர்த்தம். சரியான பதில்: இன்று 30, 18ஆம் தேதி 20. குடோனில் எண்ணிய எண்ணிக்கை வேறு, வாக்குக் கொடுக்கக்கூடிய எண்ணிக்கை வேறு.

கேட்டபின் செய்வதில் எண்ணிக்கைக்கு இடமில்லை, நாள்தான். ஒரு ஆலை, தண்ணீர் ஏற வேண்டிய உயரத்தையும் நீரளவையும் சொல்லி அதற்கேற்ற பம்ப் கேட்கிறது என்று வையுங்கள். வரைபடம் ஒப்புதலாக 3 நாள், வார்ப்படம் வர 15, லேத்தில் முறை வர 5, கடைசல் 4, பூட்டிச் சோதிக்க 2. மொத்தம் 29 நாள். மோட்டார் வைண்டிங் வார்ப்பட நாட்களுக்குள்ளேயே முடிந்துவிடும் என்பதால் அதைக் கூட்ட வேண்டாம். இந்த வரிசையில் நம்பமுடியாதது லேத்தின் 5 நாள் காத்திருப்புதான். கைவசம் ஆர்டர் சேரச்சேர அது 10 ஆகும், 12 ஆகும். விற்பனைப் பிரிவோ போன வருஷக் கணக்கில் "4 வாரம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இன்னொன்று, நாட்களை எண்ணத் தொடங்குவது போனில் பேசிய அன்றா, வரைபட ஒப்புதலும் அச்சாரமும் வந்த அன்றா? இதை எழுத்தில் வாங்காத இடத்தில்தான் சண்டை.

இரண்டும் ஒரே லேத்தில் ஓடினால் வேறொரு தொல்லை. அவசர ஆர்டர் ஒன்றுக்காக ஸ்டாக் தொகுதியைப் பாதியில் நிறுத்துவார்கள். அன்று யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். 2 வாரம் கழித்து டீலர்களின் போன் வரும்போதுதான் தெரியும்.

அப்புறம், இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு, பம்ப்காரர்களுக்கு அது பழைய பழக்கம். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரை முழு விட்டத்தில் வார்த்து இருப்பில் வைத்துக்கொள்வது, ஆர்டர் வந்ததும் கேட்ட உயரத்துக்கு ஏற்ப விட்டத்தைக் குறைத்துக் கடைவது. உறை உள்ளிட்ட மற்ற வார்ப்புகளும் பொதுவானவையாகக் கையில் இருந்தால், மேலே சொன்ன 29இல் வார்ப்படத்தின் 15 நாள் போய்விடும். (வைண்டிங்கும் தயாராக இருக்க வேண்டும், இல்லையென்றால் அதுதான் இனி நாளைத் தீர்மானிக்கும்.) வேகம் மாறாதபோது உயரம் ஏறத்தாழ விட்டத்தின் வர்க்கத்தைப் பின்பற்றும், விட்டத்தில் 5 சதவீதம் குறைத்தால் உயரம் சுமார் 10 சதவீதம் இறங்கும். அளவுக்கு மீறிக் கடைந்தால் திறன் விழும், கடைந்ததை மறுபடி ஒட்டவும் முடியாது. அதனால் விட்டம் எழுதிய தாள் இன்னொருவர் சரிபார்த்த பிறகே லேத்துக்குப் போகும்.

இந்த நடுவழிக்கும் தமிழ்ப் பெயர் தேட வேண்டியதில்லை. லேத் வேலைக்குக் கடைசல் என்ற சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது. 'வார்த்து வைத்து, கேட்டபின் கடைதல்' என்றால் பட்டறையில் எல்லாருக்கும் புரியும்.