கேள்விக்கு எடை போடுவது எப்படி?

வாசகர் ஒருவர், இயற்பியல் ஆசிரியர், கேட்டிருந்தார்: “மூன்று வருடமாகக் கேள்விகளைச் சேர்த்து ஒரு வினா வங்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பாடம், திறன், கடினம் என்று மூன்று முத்திரை குத்தியிருக்கிறேன். எளிது பாதி, நடுத்தரம் கால், கடினம் கால் என்று கலந்துதான் வினாத்தாள் எடுக்கிறேன். ஆனாலும் ஒரு தாளில் எல்லோரும் நூற்றுக்கு எண்பது வாங்குகிறார்கள், அடுத்ததில் பாதிப் பேர் தேறுவதில்லை. எங்கே தப்பு?”

தப்பு மூன்றாவது முத்திரையில். “எளிது” என்று எழுதியது அவருடைய கணிப்பு. எளிதா கடினமா என்று சொல்லவேண்டியவர்கள் தேர்வு எழுதியவர்கள்.

நானும் இதில் அடிபட்டவன்தான். ஒரு தடவை இப்படி ஒரு கேள்வி எழுதினேன்: “செங்குத்தாக மேலே எறிந்த கல் உச்சியை அடையும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன?” விடைகள் நான்கு: பூஜ்ஜியம், கீழ்நோக்கி g, மேல்நோக்கி g, கல்லின் நிறையைப் பொறுத்தது. பாடம் இயக்கவியல், திறன் பயன்பாடு, கடினம் “எளிது” என்று போட்டு வைத்தேன். 100 பேர் எழுதினார்கள். 44 பேர் சரி. 47 பேர் “பூஜ்ஜியம்”. திசைவேகம் பூஜ்ஜியமானால் முடுக்கமும் பூஜ்ஜியமாகிவிடும் என்ற குழப்பம் அத்தனை பேருக்கு. 9 பேர் நிறையைத் தேர்ந்தார்கள். “மேல்நோக்கி g” பக்கம் ஒருவரும் போகவில்லை, அதாவது அந்த விடை சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை வேறு ஏதாவது வைக்கவேண்டும்.

சரியாக எழுதியவர்களின் பங்கு, இங்கே 0.44, இதுதான் கடினக் குறியீடு. (எண் கூடினால் கேள்வி எளிது என்று அர்த்தம். பெயரோ “கடினம்”. வைத்தவரைச் சொல்லவேண்டும்.) இதோடு இன்னொரு எண்ணும் வேண்டும். விடைத்தாள்களை மொத்த மதிப்பெண் வரிசையில் அடுக்கி, மேலிருந்து 27 சதவீதம், கீழிருந்து 27 சதவீதம் எடுங்கள். 27 சதவீதமே ஏற்ற அளவு என்று அமெரிக்க உளவியலாளர் ட்ரூமன் கெல்லி 1939-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். கல் கேள்விக்கு மேல் 27 பேரில் 20 பேர் சரி, கீழ் 27 பேரில் 5 பேர். வித்தியாசம் 15, அதை 27-ஆல் வகுத்தால் 0.56. இதுதான் பிரித்தறி குறியீடு. நன்றாகப் படித்தவரையும் படிக்காதவரையும் இந்தக் கேள்வி பிரித்துக் காட்டுகிறது என்று பொருள். 0.3-க்கு மேல் வந்தால் பொதுவாகத் திருப்திப்படலாம்.

இந்த எண் சில சமயம் கழித்தலுக்குப் போகும், அப்போதுதான் வேடிக்கை. “நீர் எந்த வெப்பநிலையில் கொதிக்கும்?” என்று கேட்டு, 100 டிகிரி செல்சியஸ் என்பதைச் சரியான விடையாக வைத்து, பக்கத்திலேயே “அழுத்தத்தைப் பொறுத்தது” என்றும் ஒரு விடை கொடுத்துப் பாருங்கள். மொத்தத்தில் 60 பேர் “சரி” என்றாலும், கீழ் 27-இல் 18 பேர், மேல் 27-இல் 10 பேர்தான் என்று வரலாம். பிரித்தறி குறியீடு −0.30. நன்றாகப் படித்தவர்கள் தவறு செய்யவில்லை, விடைக்குறிப்புதான் தவறு. கழித்தல் எண் வந்தால் மாணவரைத் திட்டுவதற்கு முன் கேள்வியைத் திரும்பப் படிக்கவேண்டும்.

பாடமும் திறனும் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பாடத் தலைப்புகளுக்கு முன்பே ஒரு பட்டியல் போட்டு அதிலிருந்து மட்டும் எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரே கேள்விக் கூட்டம் “விசை”, “விசைகள்”, “நியூட்டன் விதி” என்று மூன்றாகச் சிதறி, தேடும்போது கைக்கு வராது. திறனுக்குப் பெரும்பாலோர், அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1956-இல் வகுத்த ஆறு படிகளை எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு ஆறு அதிகம். நினைவு, பயன்பாடு, பகுப்பாய்வு என்று மூன்றே போதும். ஆறு வைத்தால் இரண்டு பேர் தனித்தனியாக முத்திரை குத்தும்போது ஒத்துப்போவதே இல்லை. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. திறன் கேள்விக்குள் மட்டும் இல்லை. வகுப்பில் அதே கணக்கை அதே எண்களோடு போட்டுக் காட்டியிருந்தால், “பயன்பாடு” என்று குறித்த கேள்வி அன்றைக்கு வெறும் நினைவுக் கேள்வி. திறனும் கடினமும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யாரும் கவனிக்காத ஒரு அடிக்குறிப்பை அப்படியே கேட்டால் அது நினைவுக் கேள்விதான், கடினமோ உச்சத்தில்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

0.44 என்பது கல் கேள்வியின் குணமா, அந்த 100 பேரின் குணமா? இரண்டும் கலந்தது. கெட்டிக்கார வகுப்பில் இதே கேள்விக்கு 0.65 வரலாம். அப்படியென்றால் வெவ்வேறு வருடம், வெவ்வேறு வகுப்பு எழுதிய கேள்விகளை ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிடுவது, வெவ்வேறு தராசில் நிறுத்ததை ஒப்பிடுவது போலத்தான். வாசகரின் வங்கி ஆடுவதும் இதனால்தான்.

தீர்வு: ஒவ்வொரு தேர்விலும் சில பொது வினாக்களை மாற்றாமல் வையுங்கள். இவற்றை நங்கூர வினாக்கள் என்பார்கள். முதல் வகுப்பு கல் கேள்வியை எழுதியது, 44 பேர் சரி. இரண்டாவது வகுப்பு மின்சுற்றுக் கேள்வி ஒன்றை எழுதியது, 60 பேர் சரி. பார்த்தால் மின்சுற்று எளிது. ஆனால் இரண்டு வகுப்பும் எழுதிய நங்கூர வினாக்களில் சராசரியாக முதல் வகுப்பில் 55 சதவீதம், இரண்டாவதில் 73 சதவீதம் சரி. இரண்டாவது வகுப்பு பலமானது. எவ்வளவு பலம்?

இங்கே சதவீதத்தைக் கழிக்கத் தோன்றும். 73-இல் 55 போனால் 18, அதை 60-இலிருந்து எடுத்தால் 42. கிட்டத்தட்ட நன்றாகத்தான் வருகிறது. ஆனால் 12 பேர் மட்டும் சரியாக எழுதிய ஒரு கேள்வி வந்தால்? 12-இல் 18 போனால் மைனஸ் 6 பேர். அப்படி ஒரு வகுப்பு இல்லை.

டென்மார்க் கணிதவியலாளர் ஜார்ஜ் ராஷ் 1960-இல் வெளியிட்ட வழி இதைத் தாண்டுகிறது. சதவீதத்தை விட்டுவிட்டு, சரி எத்தனை பங்கு, தவறு எத்தனை பங்கு என்று விகிதம் எடுங்கள். ஒருவர் ஒரு கேள்வியைச் சரியாகச் செய்யும் விகிதம், அவருடைய திறமையைக் கேள்வியின் கடினத்தால் வகுத்தது என்று வைத்துக்கொள்கிறார் ராஷ். அவ்வளவுதான். ஆனால் இந்த ஒரு வகுத்தலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்: ஒரே ஆள் எழுதிய இரண்டு கேள்விகளின் விகிதங்களை ஒப்பிட்டால், திறமை மேலும் கீழும் அடிபட்டுப் போய், கேள்விகளின் கடினம் மட்டும் மிஞ்சுகிறது. ஒரே கேள்வியை எழுதிய இரண்டு ஆட்களை ஒப்பிட்டால் கடினம் அடிபட்டுத் திறமை மிஞ்சுகிறது. கலந்து கிடந்த இரண்டும் பிரிந்துவிட்டன. பள்ளிக்கூட வகுத்தல் கணக்கு இவ்வளவு வேலை செய்யும் என்று முதலில் படித்தபோது நான் நம்பவில்லை.

நம் கணக்கைப் போடுவோம். நங்கூர வினாக்களில் முதல் வகுப்பின் விகிதம் 55-க்கு 45, அதாவது 1.22. இரண்டாவது 73-க்கு 27, அதாவது 2.70. ஒன்றை மற்றதால் வகுத்தால் 2.21. இரண்டாவது வகுப்பு அத்தனை மடங்கு பலம். மின்சுற்றுக் கேள்விக்கு அந்த வகுப்பின் விகிதம் 60-க்கு 40, அதாவது 1.5. இதை 2.21-ஆல் வகுத்தால் 0.68. இதைச் சதவீதமாக்க 0.68-ஐ 1.68-ஆல் வகுக்கவேண்டும்; 40 வருகிறது.

ஆக, முதல் வகுப்பு அந்த மின்சுற்றுக் கேள்வியை எழுதியிருந்தால் 40 பேர்தான் சரியாக எழுதியிருப்பார்கள். 60 பேர் சரியாகச் செய்த கேள்வி, 44 பேர் செய்ததைவிடக் கொஞ்சம் கடினம்! அந்த 12 பேர் கேள்வியும் இதே வழியில் 6 பேர் என்று வருகிறது, மைனஸ் இல்லை. மென்பொருள்கள் இந்த விகிதத்தின் மடக்கையை எடுத்து, லாஜிட் என்ற அலகில், ஆள் ஆளாகக் கணக்கிடும். வகுப்புச் சராசரியை வைத்து நாம் கையால் போட்டது தோராயம், ஆனால் ஆசிரியரின் கணிப்பைவிட எவ்வளவோ மேல்.

எங்கே சறுக்கும்? முதலாவது, ஆள் எண்ணிக்கை. 30 பேர் எழுதிய தேர்வில் 44 சதவீதம் என்றால், உண்மை 26-க்கும் 62-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். 100 பேர் எழுதினாலும் பத்துப் புள்ளி மேலே கீழே ஆடும். அதனால் 40-க்கும் 44-க்கும் இடையிலான வித்தியாசத்தைச் சத்தியம் செய்யாதீர்கள். சின்ன வகுப்பாக இருந்தால் இரண்டு மூன்று வருட விடைகளைச் சேர்க்கும்வரை பொறுங்கள். இரண்டாவது, நங்கூரம் கசிவது. ஒவ்வொரு நங்கூர வினாவுக்கும் தனித்தனியாக மடங்கு எடுத்துப் பாருங்கள். 2.1, 2.3, 2.0, 2.4 என்று வந்துகொண்டிருக்கும்போது ஒன்று மட்டும் 6 என்றால், அந்தக் கேள்வி வெளியே போய்விட்டது, அல்லது யாரோ வகுப்பில் நடத்திவிட்டார்கள். அதை எடுத்துவிட்டுக் கணக்கைத் திரும்பப் போடவேண்டும். மூன்றாவது, கேள்வியில் ஒரு சொல் மாற்றினாலும் அது புதுக் கேள்வி. பழைய எண் அதற்குச் செல்லாது. புது அடையாள எண் கொடுங்கள்.

இதற்கெல்லாம் வேண்டியது விடைத்தாள்தான், கேள்வி வாரியாக. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் மொத்த மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றியதும் தாள்களை மூட்டை கட்டிப் போட்டுவிடுவார்கள். கேட்டால், “இருபது வருட அனுபவம், பார்த்தாலே தெரியும்” என்பார்கள். கைரேகை பார்ப்பவரும் இதையேதான் சொல்கிறார். ஆய்வுக்கூடக் கருவிகளுக்கு வருடா வருடம் அளவு சரிபார்க்கப் பணம் ஒதுக்குகிறோம்; ஒருவரின் மேற்படிப்பைத் தீர்மானிக்கும் கருவியைச் சரிபார்க்க ஒரு விரிதாளும் ஒரு ஆளும் கேட்டால் நிதி இல்லை.

எண்கள் எல்லாம் ஒரே தராசுக்கு வந்தபின் தாள் எடுப்பது பத்து நிமிட வேலை. ஒவ்வொரு பாடத்திலும் ஒவ்வொரு திறனிலும் எத்தனை என்று ப்ளூபிரிண்ட் போட்டு, வடிகட்டி எடுங்கள். ஒரு மதிப்பெண் கேள்விகள் 25 என்றால், அவற்றின் கடினக் குறியீடுகளைக் கூட்டுங்கள். தராசுக்கு அடிப்படையாக வைத்த வகுப்பைப் போன்ற வகுப்பு எழுதினால், அந்தக் கூட்டுத்தொகைதான் வரப்போகும் சராசரி. 11.2 வந்து, உங்களுக்கு 14 வேண்டுமென்றால், ஏழு கேள்விகளை எடுத்துவிட்டு அதே பாடத்தில் அதே திறனில் ஒவ்வொன்றும் 0.4 எளிதானதை வையுங்கள். தாள் அச்சாகும் முன்பே வகுப்பின் சராசரி உங்களுக்குக் கிட்டத்தட்டத் தெரியும்.

அப்புறம் இன்னொரு முத்திரையும் வைத்துக்கொள்ளுங்கள்: சேர்ந்து வரக்கூடாதவை. வங்கியிலிருந்து நான் எடுத்த முதல் தாளில் 3-ஆவது கேள்வியாக அந்தக் கல் வந்தது. 19-ஆவது கேள்வி “எறியப்பட்ட பொருளின் முடுக்கம் எப்போதும் கீழ்நோக்கி g என்பதைக் கொண்டு” என்று தொடங்கியது. அன்றைக்கு அந்தக் கல் கேள்வியை 81 பேர் சரியாக எழுதினார்கள்.