பெர்பெச்சுவலும் ஃபண்டிங் ரேட்டும்: கெடு இல்லாத முன்பேரம்

ஃபியூச்சர்ஸ் என்பதற்குத் தமிழில் முன்பேரம் என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. பின்னால் ஒரு நாளில் முடிக்கப்போகும் வியாபாரத்துக்கு இன்றே விலை பேசி வைப்பதுதான் அது. அந்த 'ஒரு நாள்' இல்லாமல் முன்பேரம் இல்லை. சிகாகோவின் சிஎம்இ சந்தை 2017 டிசம்பரில் தொடங்கிய பிட்காயின் முன்பேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஒப்பந்தம் 5 பிட்காயினுக்கு. மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, அன்றைய குறிப்பு விலையை வைத்துக் கணக்கு முடித்துவிடுவார்கள்.

முன்பேர விலையைச் சந்தை விலையோடு கட்டி வைப்பது அந்தக் கெடு நாள்தான். பிட்காயின் 60,000 டாலருக்கும் அதன் முன்பேரம் 60,600-க்கும் விற்கிறது என்றால், காயினை வாங்கி வைத்துக்கொண்டு முன்பேரத்தை விற்பவர் கெடுவரை காத்திருந்தால் போதும். இரண்டும் ஒரே விலையில் வந்து முடிந்தாக வேண்டும் என்பதால் அந்த 600 டாலர் அவருக்கு. பலர் இப்படிச் செய்யும்போது இடைவெளியும் தானாகச் சுருங்கும்.

பெர்பெச்சுவல் ஒப்பந்தத்தில் இந்தக் கெடுவே கிடையாது. பொருளியலாளர் ராபர்ட் ஷில்லர் 1990-களின் தொடக்கத்தில் இந்த யோசனையை எழுதினார். அவர் மனதில் இருந்தவை வீட்டு விலை போல, நேரடியாக வாங்கி விற்கச் சிரமமானவை. கிரிப்டோவில் இதைப் பரவலாக்கியது 2016-இல் பிட்மெக்ஸ் என்ற கிரிப்டோ சந்தை கொண்டுவந்த ஒப்பந்தம். வியாபாரிகள் சுருக்கமாக 'பெர்ப்' என்பார்கள். லத்தீன் மூலச் சொல்லுக்கு 'இடைவிடாமல் தொடர்வது' என்று பொருள். நித்திய ஒப்பந்தம், நிரந்தர ஒப்பந்தம் என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள். அவை ஒப்பந்தம் கலையவே கலையாது என்ற எண்ணத்தைத் தருகின்றன. ஆனால் ஒப்பந்தத்துக்காக ஒருவர் கட்டிவைத்த பிணைத்தொகை தீர்ந்தால் சந்தையே அதை மூடிவிடும். 'கெடுவில்லா முன்பேரம்' என்பதையே நான் பரிந்துரைப்பேன்.

சரி, கெடு இல்லையென்றால் விலையைக் கட்டி வைப்பது எது? அதுதான் ஃபண்டிங் ரேட். பெர்ப் விலை சந்தை விலைக்கு மேலே போனால், வாங்கி வைத்திருப்பவர்கள் விற்று வைத்திருப்பவர்களுக்குப் பணம் தர வேண்டும். கீழே போனால் விற்றவர்கள் தர வேண்டும். பணம் தரும் பக்கத்தில் நிற்க ஆள் குறைவதால் பெர்ப் விலை சந்தை விலையை நோக்கித் திரும்பும். பல சந்தைகளில் இது 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. சிலவற்றில் இன்னும் அடிக்கடி. இந்தப் பணம் சந்தை நடத்துபவருக்குப் போவதில்லை, எதிர்ப்பக்கம் நிற்பவருக்குப் போகிறது. அதனால் 'நிதியளிப்பு விகிதம்' என்ற நேர் மொழிபெயர்ப்பு வேலையைச் சொல்லவில்லை. 'சமன் விகிதம்' பொருத்தமாக இருக்கும்.

பரவலாகப் பயன்படும் சூத்திரம் இது:

```
F = P + clamp(I - P, -0.05%, 0.05%)
```

P என்பது பெர்ப் விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள சராசரி இடைவெளி, I என்பது வட்டிக் கூறு, பொதுவாக 0.01%. `clamp` என்பது I − P இரு பக்கமும் 0.05%-ஐத் தாண்டாமல் பிடித்து நிறுத்துவது. இடைவெளி −0.04%-க்கும் 0.06%-க்கும் நடுவில் இருக்கும்வரை விடை 0.01% என்றே வரும். திரையில் அந்த எண்ணை அடிக்கடி பார்ப்பது இதனால்தான். பரபரப்பில்லாத நாளிலும் வாங்கியவரே சிறிது கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதும் இதற்குள் அடங்கியிருக்கிறது. இடைவெளி 0.12% ஆனால் விகிதம் 0.07% ஆகிவிடும்.

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். ஒருவர் 6,000 டாலர் பிணைத்தொகை வைத்து, பத்து மடங்காக 60,000 டாலருக்கு ஒரு பிட்காயின் பெர்ப் வாங்குகிறார். 0.07% கணக்கிடப்படுவது 6,000-க்கு அல்ல, 60,000-க்கு. ஒரு தடவைக்கு 42 டாலர். அதே விகிதம் நீடித்தால் நாளுக்கு மூன்று தடவையில் 126 டாலர், அதாவது அவர் போட்ட பணத்தில் 2.1%. விலை அசையாமல் நின்றாலும் பிணைத்தொகை கரைகிறது, கட்டாயமாக மூடப்படும் விலையும் நெருங்கி வருகிறது. கணக்கெடுக்கும் அந்த நொடியில் ஒப்பந்தம் கையில் இருந்தால்தான் இந்தக் கொடுக்கல் வாங்கல். அடுத்த கணக்கு எப்போது என்பதை விகிதத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கடிகாரம் காட்டும்.

இரண்டு ஒப்பந்தங்களுக்கும் உள்ள வித்தியாசம் 2022 செப்டம்பரில், எத்தீரியம் மைனிங் முறையை விட்டு ஸ்டேக்கிங் முறைக்குப் போன 'மெர்ஜ்' மாற்றத்தின்போது நன்றாகத் தெரிந்தது. பழைய முறையிலேயே தொடரும் ஒரு கிளைச் சங்கிலி பிரியும், எத்தீரியத்தின் காயினான ஈதரை வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கிளையின் காயின் இலவசமாகக் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஈதரைக் கையில் வைத்துக்கொண்டு, விலை சரிந்தால் நட்டம் வராமலிருக்கப் பலர் பெர்ப்பை விற்றார்கள். அதன் விலை சந்தைக்குக் கீழே இறங்க, சமன் விகிதம் கடுமையான எதிர்மறைக்குப் போனது. கெடு உள்ள முன்பேரங்களும் சந்தை விலைக்குக் கீழேதான் விற்றன. ஆனால் அதை விற்றவருக்குத் தன் பாதுகாப்புக்கு எவ்வளவு செலவு என்பது விற்ற அன்றே தெரியும். பெர்ப்பை விற்றவரோ ஒவ்வொரு கணக்கு நேரத்திலும் அன்றைய விகிதம் எதுவோ அதைக் கட்டிக்கொண்டே இருந்தார். செப்டம்பர் 15-இல் மாற்றம் நடந்து முடிந்ததும் அந்த விகிதம் சீக்கிரமே வழக்கமான நிலைக்குத் திரும்பியது.