ரான்சம்வேர் தாக்கிய அன்று: காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதும் முதல் கடிதம்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு லேபிள் அச்சடித்துத் தரும் ஒரு சின்ன நிறுவனம் எனக்குப் பழக்கம். ஐந்து கணினி, ஒரு சர்வர், அவ்வளவுதான். ஒரு திங்கட்கிழமை காலை 8.10க்கு அக்கவுண்ட்ஸ் பார்க்கும் பெண் டேலியைத் திறந்தார். டேட்டா வரவில்லை. ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்தால் எல்லா ஃபைலின் பெயரும் ஏதோ ஒரு வாலோடு மாறியிருந்தது. டெஸ்க்டாப்பில் பணம் கேட்டு ஒரு குறிப்பு. ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் ரான்சம்வேர் உள்ளே வந்திருந்தது.

முதலாளியிடம் 25 லட்சத்துக்கு சைபர் பாலிசி இருந்தது. அதனால் அவர் பதறவில்லை. 8.30க்கு ஏஜெண்டுக்கு போன் போட்டார். "விடுங்க சார், நான் பார்த்துக்கறேன்" என்றார் ஏஜெண்ட். பத்து மணிக்கு வழக்கமாக வரும் சர்வீஸ் பையன் வந்தார், மதியத்துக்குள் எல்லாவற்றையும் ஃபார்மட் செய்து விண்டோஸ் போட்டுக் கொடுத்தார். காப்பீட்டு நிறுவனத்துக்கு முதல் மின்னஞ்சல் போனது ஒன்பதாம் நாள். இழப்பை மதிப்பிட வரும் சர்வேயர் கேட்ட முதல் கேள்வி: "பூட்டப்பட்ட டிஸ்க் எங்கே?" இல்லை. அதோடு கிளெய்ம் பாதி செத்துவிட்டது.

இதில் அவர் செய்த முதல் தவறு, ஏஜெண்டிடம் சொன்னால் கம்பெனியிடம் சொன்ன மாதிரி என்று நினைத்தது. அப்படி இல்லை. பாலிசியில் 'கிளெய்ம் அறிவிப்பு' என்று ஒரு பகுதி இருக்கும். அதில் உள்ள மின்னஞ்சல் முகவரிக்கு எழுத்தில் போனால்தான் அது அறிவிப்பு. ஏஜெண்டையும் புரோக்கரையும் நகலில் வையுங்கள், அவர்களோடு நிறுத்திவிடாதீர்கள். கால் சென்டருக்கு அழைத்தால் 'மோட்டாரா, ஹெல்த்தா, ஃபயரா' என்று கேட்கும், சைபர் என்ற வரிசையே பல இடங்களில் இருக்காது. பரவாயில்லை, எதிலாவது பதியச் சொல்லி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனாலும் மின்னஞ்சல் அன்றே போக வேண்டும். பாலிசி பிடிஎஃப் அந்தப் பூட்டிய சர்வரிலேயே கிடக்கும் என்பதால், இன்றைக்கே ஒரு பிரதி எடுத்து பீரோவில் வையுங்கள்.

இரண்டாவது, கணினியைத் தொடும் விதம். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள், ரவுட்டரிலிருந்து வெளியே போகும் இணைப்பையும் துண்டியுங்கள். பேக்கப் டிஸ்க் மாட்டியிருந்தால் உடனே கழற்றுங்கள், இன்னொரு கணினியில் 'சரியா இருக்கா பார்ப்போம்' என்று செருகிப் பார்க்காதீர்கள். இணைப்பைத் துண்டித்துவிட்டால் கணினியை அணைக்க வேண்டாம். மெமரியில் இருக்கும் தடயம் மின்சாரம் போனால் அழிந்துவிடும். துண்டிக்கவே முடியவில்லை, ஃபைல்கள் கண்முன்னே பூட்டிக்கொண்டு போகின்றன என்றால் மட்டும் அணையுங்கள். பணம் கேட்கும் குறிப்பைத் திரையோடு செல்போனில் படம் எடுங்கள். வீட்டிலிருந்து சர்வருக்குள் வர ரிமோட் டெஸ்க்டாப் திறந்து வைத்திருந்தால் (டேலிக்காகப் பலரும் திறந்து வைப்பார்கள்) அதை ரவுட்டரில் மூடுங்கள். மின்னஞ்சல், வங்கி கடவுச்சொற்களைத் தாக்கப்படாத வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். ஒவ்வொன்றையும் எத்தனை மணிக்குச் செய்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இந்த நோட்டுதான் பின்னால் பணம்.

காரணம் இருக்கிறது. தொழில் முடங்கிய இழப்புக்குப் பணம் தரும் பாலிசிகளில் காத்திருப்பு நேரம் என்று ஒன்று உண்டு, 8 மணி, 12 மணி என்று. அந்த நேரம் கழிந்த பிறகான இழப்புதான் கணக்கில் வரும். 'திங்கள் காலை' என்று எழுதினால் சர்வேயர் தனக்குத் தோதான மணியை எடுத்துக்கொள்வார்.

கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"பாலிசி எண் இது. இன்று காலை 8.10க்கு எங்கள் சர்வரிலும் இரண்டு கணினிகளிலும் ஃபைல்கள் பூட்டப்பட்டிருப்பதைக் கண்டோம். பணம் கேட்கும் குறிப்பின் படம் இணைப்பில். 8.25க்கு நெட்வொர்க்கைத் துண்டித்தோம். 8.40க்கு பேக்கப் டிஸ்க்கைத் தனியே எடுத்து வைத்தோம். 9.05க்கு ரிமோட் இணைப்பை மூடினோம். எந்தக் கணினியையும் ஃபார்மட் செய்யவில்லை. குறிப்பு அனுப்பியவர்களைத் தொடர்புகொள்ளவில்லை, பணம் எதுவும் தரவில்லை. எப்படி நுழைந்தார்கள், தகவல் வெளியே போனதா, இழப்பு எவ்வளவு என்பது இன்னும் தெரியாது. உங்கள் பட்டியலில் உள்ள தடயவியல் நிபுணரை இன்றே அனுப்புங்கள். தாமதமானால் நாங்களே ஒருவரை அமர்த்த எழுத்தில் ஒப்புதல் தாருங்கள். தொடர்புக்கு இந்த எண்."

கவனியுங்கள், இதில் ஊகம் எதுவும் இல்லை. 'எங்கள் பையன் ஏதோ மெயிலைத் திறந்துவிட்டான் போல' என்று பெருந்தன்மையாக எழுதிவிடாதீர்கள். பிறகு விசாரணையில் வேறு காரணம் வந்தாலும் உங்கள் வரிதான் உங்களுக்கு எதிராக நிற்கும். இழப்புத் தொகையும் வேண்டாம். நிபுணர் கேட்ட வரி முக்கியம், ஏனென்றால் ஒப்புதல் இல்லாமல் வைத்த ஆளின் பில்லைப் பெரும்பாலும் வெட்டுவார்கள். காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்காமல் பிணைத்தொகை கொடுத்தால் அந்தப் பணத்தை மறந்துவிடலாம்.

அடுத்து அரசுப் பக்கம். 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும்: incident@cert-in.org.in. சின்ன நிறுவனம் என்று விலக்கு கிடையாது. சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழைத்தும் cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியுங்கள்.

காப்பீட்டு நிறுவனம் எஃப்ஐஆர் கேட்கும். காவல் நிலையத்தில் 'பணம் போகலையே, அப்புறம் என்ன?' என்று கேட்டு புகார் வாங்கியதற்கான சிஎஸ்ஆர் ரசீதோடு அனுப்பப் பார்ப்பார்கள், அல்லது 'இது எங்க ஏரியா இல்லை' என்பார்கள். குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு எல்லையைக் காரணம் காட்டி மறுக்க இடம் தரவில்லை. மின்னஞ்சலிலும் புகார் தரலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றத்தை இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும் என்பதால், மாவட்ட சைபர் கிரைம் நிலையத்துக்கே நேராகப் போவது அலைச்சலைக் குறைக்கும். ஆனால் எஃப்ஐஆர் வரட்டும் என்று கடிதத்தை நிறுத்தி வைக்காதீர்கள். 'பின்னர் அனுப்புகிறோம்' என்று ஒரு வரி போதும்.

திருப்பூர்க்காரருக்கு இன்னொரு பொறியும் இருந்தது. பாலிசி எடுக்கும்போது நிரப்பிய விண்ணப்பத்தில் 'தனியே வைத்த தினசரி பேக்கப் உண்டா?' என்ற கேள்விக்கு ஏஜெண்ட் 'உண்டு' என்று டிக் போட்டிருந்தார். இவருக்கு அது தெரியவே தெரியாது, ஆனால் கையெழுத்து இவருடையது. உங்கள் விண்ணப்ப நகலை இப்போதே கேட்டு வாங்கிப் படியுங்கள். தப்பு இருந்தால் தாக்குதலுக்கு முன்பே எழுதித் திருத்துங்கள்.

தாமதத்தை மட்டும் காரணம் காட்டி மறுத்தால் விடாதீர்கள். தாமதம் ஒன்றுக்காகவே நியாயமான கிளெய்மை இயந்திரம் போல் மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2011லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், குறுந்தொழில் நிறுவனங்கள் ஆம்பட்ஸ்மேன் எனும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 2025 ஏப்ரல் முதல் 10 கோடி ரூபாய் வரை விற்றுமுதலும் இரண்டரை கோடி வரை முதலீடும் உள்ளவை குறுந்தொழில். உத்யம் சான்றிதழில் 'மைக்ரோ' என்று இருக்கிறதா பாருங்கள். 'ஸ்மால்' என்று இருந்து, தனி உரிமையாளர் நிறுவனமாகவும் இல்லாவிட்டால் அந்தக் கதவு மூடியிருக்கும், நுகர்வோர் ஆணையம்தான் வழி. திருப்பூர்க்காரரின் சான்றிதழில் 'மைக்ரோ' என்று இருந்தது. இப்போது சென்னையில் அவர் மனு நிலுவையில் இருக்கிறது. காணாமல் போன டிஸ்க்குக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.