விசா ஸ்டிக்கரில் உள்ள கடைசித் தேதியை மட்டும் பார்த்து டிக்கெட்டை மாற்றாதீர்கள்

சேலத்தில் இருந்துகொண்டு விசா விண்ணப்பங்கள் பார்க்கும் என்னிடம் எல்லோரும் கேட்பது "விசா எந்தத் தேதி வரைக்கும் இருக்குங்க?" என்ற ஒன்றைத்தான். எத்தனை நாள் தங்கலாம் என்று கேட்பவர்களைக் காணோம். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் அப்படிக் கேட்காமல் விட்டதன் பலனை அனுபவித்துவிட்டார், அதனால்தான் கொஞ்சம் கோபமாகவே இதை எழுதுகிறேன்.

அவரும் அவர் மனைவியும் ஜெர்மனியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனார்கள். பயணத் திட்டம் 2025 மே 12 முதல் ஜூன் 10 வரை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா ஸ்டிக்கரின் மேல் வரியில் 12-05-25 முதல் 25-06-25 வரை என்று இருந்தது. அடுத்த வரியில் விசா வகை 'சி', நுழைவு எண்ணிக்கை 01, தங்கும் நாட்கள் 30. அங்கே போனபின் பேத்தியின் பிறந்தநாள் வந்தது, மகளும் "25 வரைக்கும் விசா இருக்கேப்பா" என்று சொல்ல, டிக்கெட்டை ஜூன் 22க்கு மாற்றிவிட்டார்கள். விமான நிறுவனம் பணம் வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்தது. விசாவைப் பார்ப்பது அவர்கள் வேலை இல்லை.

கணக்குப் போடுங்கள். மே 12 முதல் 31 வரை 20 நாள், ஜூனில் 22 நாள், ஆக 42. அனுமதி 30. பன்னிரண்டு நாள் கூடுதலாக, சட்ட விரோதமாகத் தங்கியிருக்கிறார்கள். அதோடு ஜூன் 10க்குப் பிறகு பயணக் காப்பீடும் கிடையாது, இரண்டு பேருக்கும் சர்க்கரை வேறு. திரும்பும்போது விமான நிலையத்தில் அதிகாரி நிறுத்தி, விசாரித்து, எழுதிக்கொண்டுதான் விட்டார். அடுத்த முறை விண்ணப்பித்தபோது விசா மறுப்பு.

"அப்போ எதுக்கு 25ன்னு போட்டாங்க தம்பி?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. விமானம் தள்ளிப்போகலாம், புறப்படுவது இரண்டு நாள் தாமதமாகலாம், அதற்காக ஷெங்கன் நாடுகள் பயண நாட்களோடு 15 நாள் சேர்த்துப் போடுவார்கள். மே 20ல் போய் இறங்கினால் ஜூன் 18 வரை இருக்கலாம். ஜூன் 20ல் போய் இறங்கினால் 30 நாள் கிடைக்காது, 25ஆம் தேதி கிளம்பியாக வேண்டும். இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுதான் உங்கள் கடைசி நாள். இதை நான் ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன், ஒவ்வொருவரும் தலையாட்டுகிறார்கள், போனபின் மேல் வரியைத்தான் பார்க்கிறார்கள்.

இந்தக் குழப்பத்தில் பாதி அமெரிக்கா போய்வந்த உறவினர்களால் வருவது. அமெரிக்க விசாவில் உள்ள கடைசித் தேதி அந்த நாட்டு வாசலில் போய் நிற்பதற்கான கடைசித் தேதி மட்டும்தான். அதற்குப் பிறகும் உள்ளே இருக்கலாம், எத்தனை நாள் என்பதை இறங்கும்போது அதிகாரி முடிவு செய்வார், அந்தத் தேதி ஐ-94 பதிவில் இருக்கும். ஐரோப்பாவுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. பத்து வருட அமெரிக்க விசா இருக்கிறது என்று பத்து வருடம் அங்கேயே உட்கார முடியாது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டியிருக்கிறது!

நாள் எண்ணும்போது இறங்கும் நாள் ஒன்று, கிளம்பும் நாளும் ஒன்று. இரவு 11:40க்கு இறங்கி குடியேற்றக் கவுண்டரைத் தாண்டினாலும் அது முழு நாள்தான். நள்ளிரவு 12:30 விமானம் என்றால் கூடுதலாகக் கவனியுங்கள், கவுண்டரில் நீங்கள் வெளியேறியதாகப் பதிவாகும் தேதிதான் கணக்கு, அது மறுநாளாகிவிட்டால் ஒரு நாள் போச்சு. அதனால் கடைசி நாளில் டிக்கெட் போடாதீர்கள், இரண்டு நாள் விட்டுப் போடுங்கள்.

நுழைவு எண்ணிக்கை 01 என்று இருந்தால் ஒரே ஒரு முறைதான் உள்ளே. ஜெர்மனியில் இருந்து பாரிஸோ சுவிட்சர்லாந்தோ போய்வரலாம், அவையும் ஷெங்கன்தான். லண்டன் போனால் அது வெளியே, பிரிட்டன் விசா கையில் இருந்தாலும் திரும்ப ஜெர்மனிக்குள் விடமாட்டார்கள், மிச்சம் 15 நாள் இருந்தாலும் சரி. 'மல்ட்' என்று இருந்தால் மட்டும் பலமுறை, அதிலும் எந்த 180 நாளை எடுத்துப் பார்த்தாலும் 90 நாளைத் தாண்டக் கூடாது.

நிஜமாகவே கிளம்ப முடியாத நிலை, ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டீர்கள் என்றால் நாட்கள் முடிவதற்கு முன்பே அந்த ஊர் வெளிநாட்டினர் அலுவலகத்தில் நீட்டிப்பு கேளுங்கள். பிறந்தநாளுக்கெல்லாம் கிடைக்காது. முத்திரை மங்கலாக விழுந்திருக்கும், யார் எண்ணப்போகிறார்கள் என்ற பழைய தைரியமும் வேண்டாம், 2025 அக்டோபரில் இருந்து நுழைவையும் வெளியேற்றத்தையும் முகப்படம், கைரேகையோடு கணினியில் பதிவு செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றே ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து பிள்ளைகளுக்கு அனுப்புங்கள், கூடவே எத்தனை நாள் என்பதையும் தனியாக எழுதி அனுப்புங்கள். டிக்கெட்டை மாற்றுவது பெரும்பாலும் அவர்கள்தான்.