உடைந்தது எந்த லோ? சார்ட்டில் ட்ரெண்ட் மாற்றத்தை உறுதிசெய்வது பற்றி

பங்குத் தரகு அலுவலகத்தில் சார்ட் பார்ப்பது என் வேலை. சந்தை இரண்டு நாள் இறங்கினால் போதும், யாராவது ஒருவர் மொபைலை நீட்டி, "சார், ஸ்ட்ரக்சர் பிரேக் ஆயிடுச்சு, ஷார்ட் போகலாமா?" என்று கேட்பார். விலை இறங்கும் என்று எதிர்பார்த்து முதலில் விற்றுவிட்டுப் பிறகு வாங்குவதுதான் ஷார்ட். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உடைந்தது எந்த லோ, அதாவது விலை இறங்கித் திரும்பிய எந்த அடிப்புள்ளி? பெரும்பாலும் பதில் வராது. ஐந்து நிமிட சார்ட்டில் ஏதோ ஒரு கோடு உடைந்திருக்கும், அவ்வளவுதான். அந்தக் கோட்டை அங்கே போட்டதற்குக் காரணம் இருக்காது.

அடிப்படை சுலபம். ஏறுமுகச் சந்தையில் ஒவ்வொரு உச்சியும் முந்தைய உச்சியைத் தாண்டும், ஒவ்வொரு இறக்கமும் முந்தைய இறக்கத்துக்கு மேலேயே நிற்கும். இவை ஹையர் ஹை, ஹையர் லோ. இறங்குமுகத்தில் இது தலைகீழாகி லோயர் ஹை, லோயர் லோ ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சார்லஸ் டவ் எழுதியவற்றிலிருந்து வளர்ந்த சிந்தனை இது. இன்று யூடியூபில் புதுப் பெயர்களோடு விற்கப்பட்டாலும் உள்ளே இருப்பது பழைய சரக்குதான்.

சிக்கல் எல்லாம் எந்த இறக்கத்தை ஹையர் லோ என்று கணக்கில் எடுப்பது என்பதில் இருக்கிறது. நான் பின்பற்றும் விதி இது: ஒரு லோவிலிருந்து எழுந்த ஏற்றம் முந்தைய உச்சியைத் தாண்டினால்தான் அந்த லோவுக்கு மதிப்பு. தாண்டாவிட்டால் அது நடுவழியில் வந்த ஒரு தள்ளாட்டம். அது உடைந்தால் கவனிக்கலாம், ஆனால் ட்ரெண்ட் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது.

2020 தொடக்கத்தின் நிஃப்டி தினசரி சார்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டால் இது நன்றாக விளங்கும். 2019 டிசம்பரில் நிஃப்டி 12,290-ஐ ஒட்டி ஓர் உச்சி வைத்தது. ஜனவரி 8 அன்று, அமெரிக்க-ஈரான் பதற்றத்தில், 11,930 வரை இறங்கியது. அங்கிருந்து எழுந்து ஜனவரி 20 அன்று 12,430 என்ற புது உச்சியைத் தொட்டது. டிசம்பர் உச்சியைத் தாண்டிவிட்டதால், அந்த 11,930 மதிப்புள்ள ஹையர் லோ ஆகிவிட்டது. அதே வாரத்தில் 12,090 அருகே இன்னொரு சின்ன லோ வந்தது. அங்கிருந்து எழுந்த ஏற்றம் 12,270-ஐத் தாண்டவில்லை, 12,430-க்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஆகவே அந்த 12,090 கணக்கில் வராது. ஜனவரி 28 அன்று அது உடைந்தபோது ஏறுமுகத்தின் அமைப்பு அப்படியே இருந்தது.

பிப்ரவரி 1, சனிக்கிழமை. பட்ஜெட்டுக்காகச் சந்தை திறந்திருந்தது. நிஃப்டி அன்று 11,662-இல் முடிந்தது. 11,930 என்ற கோட்டுக்கு நன்றாகக் கீழே. இதுதான் முதல் உடைப்பு. ஏறுமுகம் தன் சொந்த விதியை மீறிய இடம்.

இந்த முதல் உடைப்பை நான் எச்சரிக்கை என்று மட்டுமே எடுத்துக்கொள்வேன். வைத்திருக்கும் பங்குகளைக் குறைக்கவும், புதிதாக வாங்குவதை நிறுத்தவும் அது போதுமான காரணம். ஷார்ட் போகப் போதாது. ஏன் என்பதை அடுத்த நாட்களே காட்டின. பிப்ரவரி 4 அன்று நிஃப்டி இரண்டு சதவிகிதத்துக்கு மேல் ஏறி 11,980-இல் முடிந்தது, உடைந்த கோட்டுக்கு மேலேயே வந்துவிட்டது. பட்ஜெட் நாளில் ஷார்ட் போனவர் அதற்குள் நஷ்டத்தில் இருந்திருப்பார். பிப்ரவரி 14 அன்று குறியீடு 12,245 வரை போனது.

கோட்டுக்கு மேலே திரும்பியதால் எச்சரிக்கை ரத்தாகிவிட்டதா? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அந்த ஏற்றம் 12,430-ஐத் தாண்டியிருந்தால் ரத்து. தாண்டவில்லை. 12,245-இலேயே தளர்ந்து ஒரு லோயர் ஹை ஆகிவிட்டது. இப்போது சார்ட்டில் இரண்டு கோடுகள் நமக்கு முக்கியம்: மேலே 12,430, கீழே பிப்ரவரி 3 அன்று வந்த லோவான 11,614. நடுவில் எவ்வளவு ஆடினாலும் முடிவு இந்த இரண்டில் ஒன்றில்தான்.

பிப்ரவரி 27 அன்று நிஃப்டி பகல் நேரத்தில் 11,614-க்குக் கீழே இறங்கியது. ஆனால் முடிவு விலை 11,633. அதாவது அன்றைய விலையைக் காட்டும் கேண்டிலின் வால் கீழே போனது, க்ளோஸிங் மேலே நின்றது. வால் உடைத்தது உடைப்பு ஆகாது. நஷ்டத்தை ஓர் எல்லையில் நிறுத்த முன்கூட்டியே போடும் ஸ்டாப்லாஸ் ஆர்டர்கள், பழைய லோவுக்குக் கீழேதான் குவிந்திருக்கும். விலை அங்கே போய் அவற்றைத் தூண்டிவிட்டுத் திரும்புவது அடிக்கடி நடப்பதுதான். மறுநாள், பிப்ரவரி 28, உலகச் சந்தைகள் கொரோனா பயத்தில் சரிந்துகொண்டிருந்தன. நிஃப்டி முந்தைய நாள் முடிவுக்கு வெகு கீழே, பெரிய கேப் டவுனில் திறந்து, 431 புள்ளிகள் இழந்து 11,202-இல் முடிந்தது. இப்போது உறுதி. லோயர் ஹைக்குப் பிறகு லோயர் லோ, அதுவும் க்ளோஸிங்கில்.

இந்த உறுதிக்குக் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். உச்சியிலிருந்து அதற்குள் கிட்டத்தட்ட 10 சதவிகிதம் போய்விட்டது. க்ளோஸிங்குக்காகக் காத்திருந்த அந்த ஒரு நாளில் மட்டும் 431 புள்ளிகள். உறுதிக்காகக் காத்திருப்பவர் உச்சியில் விற்க முடியாது, இதில் வேறு வழி இல்லை. மார்ச் 24 அன்று நிஃப்டி 7,511 வரை போனதால் அந்தத் தாமதம் நமக்கு இப்போது சின்னதாகத் தெரிகிறது. எல்லா உடைப்பும் அப்படி முடிவதில்லை, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கீழிருந்து திரும்பியதும் இதே இலக்கணத்தில்தான். 7,511-இலிருந்து எழுந்து மார்ச் 27 அன்று 9,039. திரும்ப இறங்கி ஏப்ரல் 3 அன்று 8,056. முந்தைய லோவுக்கு மேலேயே நின்றுவிட்டது. ஏப்ரல் 9 அன்று 9,112-இல் முடிந்து 9,039-ஐ உடைத்தது. நாடே ஊரடங்கில் இருந்தது, ஒரு நல்ல செய்திகூட இல்லை. சார்ட் மட்டும் மாறியிருந்தது. இங்கேயும் அடியிலிருந்து 21 சதவிகிதம் ஏறிய பிறகே உறுதி கிடைத்தது.

சரி, விதி தோற்ற கதைக்கு வருவோம். இதை யாரும் வகுப்பில் காட்டுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2021 அக்டோபரில் நிஃப்டியின் உச்சி 18,604. 2022 ஜனவரியில் 18,351, ஏப்ரலில் 18,115. ஒன்றுக்கொன்று கீழான உச்சிகள். நடுவில் மார்ச் 8 அன்று 15,671 என்ற லோ. பாடப்புத்தகத்தில் போடலாம், அவ்வளவு சுத்தமான அமைப்பு. ஜூன் 14 அன்று விலை 15,671-க்குக் கீழே எட்டிப்பார்த்துத் திரும்பியது. ஜூன் 16 அன்று 15,361-இல் முடிந்து க்ளோஸிங்கிலேயே உடைத்தது. அமெரிக்க மத்திய வங்கி முந்தைய இரவுதான் வட்டியை முக்கால் சதவிகிதம் உயர்த்தியிருந்தது. செய்தியும் சார்ட்டும் ஒரே பக்கம். என் விதிப்படியும் இது உறுதியான உடைப்பே.

மறுநாள் 15,183 வரை இறங்கியது. அதோடு சரி. ஜூன் 24 அன்று நிஃப்டி 15,699-இல் முடிந்து, உடைந்த கோட்டுக்கு மேலே வந்துவிட்டது. ஜூலை 20 அன்று 16,521. டிசம்பர் 1 அன்று 18,887 என்ற புது உச்சி.

16-ஆம் தேதி முடிவில் ஷார்ட் போனவர் எங்கே தப்பு என்று ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்? உடைப்புக்கு முந்தைய கடைசி லோயர் ஹை ஜூன் 9 அன்று 16,490 அருகே இருந்தது. அமைப்பின்படி ஸ்டாப் அதற்கு மேலேதான் வர வேண்டும். 15,361-க்கும் 16,490-க்கும் இடையே சுமார் 1,130 புள்ளிகள். குறைந்தபட்சம் வாங்கி விற்க வேண்டிய அளவான லாட் அன்று 50. ஒரு லாட்டுக்கு 56,500 ரூபாய் ரிஸ்க். விலை நமக்குச் சாதகமாகப் போனதோ 180 புள்ளிகள்தான். ஒரு லட்சம் ரூபாய்க் கணக்கில் இந்த ஒரு லாட்டே அதிகம். "ஸ்டாப்பைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்" என்பார்கள். 200 புள்ளியில் வைத்தால் அது அமைப்போடு தொடர்பில்லாத ஸ்டாப், சாதாரண ஆட்டத்திலேயே அடிபடும். ஸ்டாப்பின் தூரத்தைச் சந்தை தீர்மானிக்கிறது. நம் கையில் இருப்பது அளவு மட்டும்தான், அந்த அளவு கட்டுப்படியாகாவிட்டால் அந்த டிரேட் நமக்கானது இல்லை.

கோட்டுக்கு மேலே திரும்பி முடிந்த ஜூன் 24-ஐ நான் பாதி வெளியேறும் இடமாகப் பார்ப்பேன். 2020 பிப்ரவரியிலும் இப்படித் திரும்பிய பிறகு சந்தை விழுந்திருக்கிறது, ஆகவே அது முழுத் தீர்ப்பு இல்லை. லோயர் ஹையின் மேல் முடிந்த ஜூலை 20 தீர்ப்பு. அதற்குப் பிறகும் ஷார்ட்டைப் பிடித்துக்கொண்டிருப்பவர் சார்ட் பார்க்கவில்லை, சண்டை போடுகிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அமைப்பு உடைந்தது, போக்கின் குணம் மாறியது என்ற பொருளில் சார்ட்டில் தானாகவே `BOS`, `CHoCH` என்று எழுதும் இண்டிகேட்டர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய சார்ட்டில் அவை அசாத்தியத் துல்லியமாகத் தெரியும். காரணம், ஓர் உச்சியை உச்சி என்று குறிக்க அதற்கு வலப்பக்கமும் சில கேண்டில்கள் வர வேண்டும். ஐந்து கேண்டில் என்று அமைத்திருந்தால், 2020 பிப்ரவரி 14-இன் உச்சி உறுதியாவது பிப்ரவரி 24-இல். இடையில் சனி, ஞாயிறு போக, 21-ஆம் தேதி மகாசிவராத்திரி விடுமுறை. அதற்குள் நிஃப்டி 11,829-க்கு இறங்கிவிட்டது. ஆனால் குறி போடப்படுவது பின்னோக்கிப் போய், 14-ஆம் தேதியின் தலையில். பின்னாளில் பார்ப்பவருக்கு அது 12,245-இலேயே தெரிந்தது போல இருக்கும். டெலிகிராம் குழுக்களில் வரும் "பாருங்க, உச்சியிலேயே சொன்னோம்" படங்களில் கணிசமானவை இப்படி வந்தவை.

உங்கள் இண்டிகேட்டர் எப்படி என்று தெரிந்துகொள்ள, சார்ட் தளத்தில் உள்ள ரீப்ளே வசதியில் தேதியை 2020 ஜனவரி 20-க்குக் கொண்டுபோய் ஒவ்வொரு கேண்டிலாக நகர்த்துங்கள். குறி எந்தத் தேதியில் முளைக்கிறது என்று தாளில் எழுதுங்கள். அதே ரீப்ளேயில் இண்டிகேட்டரை அணைத்துவிட்டு, 11,930, 12,430, 11,614 கோடுகளை அந்தந்த நாளில் உங்களால் போட முடிகிறதா என்றும் பாருங்கள். அப்புறம் 2022 ஜூனுக்குப் போங்கள்.