அரை மடங்கு சொன்ன செய்தி: புதிய பங்கு வெளியீடுகளுக்கு ஒரு மாலைக் கணக்கு

2024 அக்டோபர் 17ஆம் தேதி பிற்பகலில், எங்கள் பங்குத் தரகு அலுவலகத்துக்கு வழக்கமாக வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஹூண்டாய் மோட்டார் இந்தியாவின் பங்கு வெளியீட்டுக்கு 14 லாட் விண்ணப்பித்திருப்பதாக மகிழ்ச்சியுடன் சொன்னார். ஒரு லாட் என்பது 7 பங்குகள். விலைப்பட்டையின் மேல் எல்லையான 1,960 ரூபாயில் ஒரு லாட்டுக்கு 13,720 ரூபாய், 14 லாட்டுக்கு 1,92,080 ரூபாய். "எப்படியும் ஒரு லாட்தான் விழும், சார். நிறையப் போட்டால் விழுகிற வாய்ப்பு கூடும் என்று போட்டேன்" என்றார். அதில் இரண்டு தவறுகள் இருந்தன. இரண்டாவதாவது முந்தைய நாள் மாலை ஐந்து நிமிடம் திரையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கக் கூடியது.

முதல் தவறு, லாட் எண்ணிக்கை கூடினால் வாய்ப்பும் கூடும் என்பது. 2 லட்சம் ரூபாய் வரை விண்ணப்பிக்கும் சில்லறைப் பிரிவில், வந்த விண்ணப்பங்கள் கைவசமுள்ள லாட்டுகளைவிட அதிகமானால் குலுக்கல் நடக்கும். அப்போது ஒரு லாட் கேட்டவருக்கும் 14 லாட் கேட்டவருக்கும் ஒரே வாய்ப்புதான். கிடைப்பதும் ஒரு லாட்தான். இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. போதுமான விண்ணப்பங்கள் வராவிட்டால் குலுக்கல் இல்லை. கேட்டவருக்குக் கேட்டது முழுவதும் கிடைத்துவிடும். அந்த வெளியீட்டின் சில்லறைப் பிரிவில் கடைசி வரை வந்தது 0.50 மடங்கு, அதாவது ஒதுக்கிய பங்குகளில் பாதிக்குத்தான் ஆட்கள் இருந்தார்கள். ஆசிரியருக்கு 98 பங்குகளும் வந்து சேர்ந்தன.

ஆனால் மறுநாள் செய்திகளில் வந்த தலைப்பு "2.37 மடங்கு விண்ணப்பம்" என்பது. அதுவும் சரியான எண்தான். ஒரு வெளியீட்டுக்கு ஒட்டுமொத்தமாக எத்தனை மடங்கு விண்ணப்பம் வந்தது என்ற கணக்கு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று வரிசைகளைக் கூட்டிச் சொல்வது என்பதை நினைவில் வைத்தால் குழப்பம் இல்லை. மியூச்சுவல் ஃபண்டுகள், காப்பீட்டு நிறுவனங்கள், வெளிநாட்டு நிதியங்கள் நிற்கும் நிறுவன முதலீட்டாளர் வரிசையில் 6.97 மடங்கு, 2 லட்சத்துக்கு மேல் போடும் எச்என்ஐ வரிசையில் 0.60 மடங்கு, சில்லறை வரிசையில் 0.50 மடங்கு. பெரிய நிறுவனங்கள் விலையை ஏற்றுக்கொண்டன, தனிநபர்கள் ஏற்கவில்லை என்பதே அந்த மூன்று எண்களும் சேர்ந்து சொன்ன செய்தி. 2.37 என்ற ஒற்றை எண்ணில் அது மறைந்துபோனது. சில்லறையிலும் எச்என்ஐயிலும் மிஞ்சிய பங்குகள் நிறுவனங்களுக்கே போயின.

இந்த மூன்று வரிசைகளையும் நாள்தோறும் குறித்து வைப்பதைத்தான் மாலைக் கணக்கு என்கிறேன். என்னிடம் இருப்பது ஒரு சாதாரணக் கோடு போட்ட நோட்டு. ஒரு வெளியீட்டுக்கு அரைப் பக்கம். மேலே நிறுவனத்தின் பெயர், விலைப்பட்டை, ஒரு லாட்டின் தொகை, திரட்டும் பணம் நிறுவனத்துக்குப் போகிறதா அல்லது பழைய பங்குதாரர் விற்றுக்கொண்டு போகிறாரா என்ற ஒரு வரி. ஹூண்டாய் பக்கத்தில் அந்த வரி "முழுவதும் விற்பனை" என்றிருக்கிறது. ஏறத்தாழ 27,870 கோடி ரூபாயும் கொரியத் தாய் நிறுவனத்துக்கே போனது, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஆலை நடத்தும் இந்திய நிறுவனத்துக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. இந்த விவரங்களெல்லாம் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் இணையதளத்தில் உள்ள சிவப்புக் கையேடு எனப்படும் ஆர்எச்பி ஆவணத்தில் இருக்கும். விலைப்பட்டை குறைந்தது இரண்டு வேலை நாள் முன்னதாகவே வெளியாகிவிடும் என்பதால், வாரத்தில் ஒருநாள் பார்த்தாலே வரப்போகும் வெளியீடுகளின் பட்டியல் கைக்கு வந்துவிடும்.

கீழே நாள் ஒன்றுக்கு ஒரு வரி. மாலை ஐந்து மணிக்குப் பிறகு என்எஸ்இ அல்லது பிஎஸ்இ தளத்தைத் திறந்து, மூன்று பிரிவுகளுக்கும் மூன்று எண்களை எழுதுவேன். இரண்டு சந்தைகளிலும் வந்த விண்ணப்பங்களைச் சேர்த்துக் காட்டும் கூட்டுப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். ஒரே சந்தைக்கு வந்தவற்றை மட்டும் பார்த்துவிட்டு "விண்ணப்பமே வரவில்லை" என்று பதறியவர்கள் உண்டு. ஆங்கர் முதலீட்டாளர்கள் எனப்படும் பெரிய நிறுவனங்களுக்கு, வெளியீடு திறப்பதற்கு முந்தைய நாளே ஒதுக்கிய பங்குகள் இந்த மடங்குக் கணக்கில் சேராது என்பதையும் கவனிக்க வேண்டும்.

முதல் நாள் எண்களுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. நிறுவன முதலீட்டாளர்கள் பெரும்பாலும் கடைசி நாளில்தான் போடுவார்கள், ஏனென்றால் போட்டதைத் திரும்பப் பெறவோ குறைக்கவோ அவர்களுக்கு அனுமதி இல்லை. ஹூண்டாய்க்கு முதல் நாள் மொத்தம் 18 சதவீதம், இரண்டாம் நாள் முடிவில் 42 சதவீதம். மூன்றாம் நாளில்தான் 2.37 மடங்குக்குத் தாவியது. சில்லறை முதலீட்டாளர் தன் விண்ணப்பத்தைக் கடைசி நாள் வரை திருத்தலாம், திரும்பவும் பெறலாம். ஆகவே அவசரப்பட்டு முதல் நாள் காலையில் போடுவதால் ஒரு லாபமும் இல்லை, கடைசி நாள் முற்பகல் வரை காத்திருப்பதால் ஒரு நட்டமும் இல்லை. பிற்பகல் வரை தள்ளுவது மட்டும் ஆபத்து. விண்ணப்பத் தொகையை முடக்கிவைக்க வங்கிக்குத் தரும் அனுமதியான யுபிஐ மேண்டேட்டை அன்று மாலை 5 மணிக்குள் ஏற்க வேண்டும். அந்த நேரத்தில் வங்கிச் செயலி திணறி, மேண்டேட் வராமலே விண்ணப்பம் செல்லாமற்போன வாடிக்கையாளர்கள் எனக்கே இருக்கிறார்கள். திரையில் தெரிகிற விண்ணப்ப எண்ணிக்கையில் ஒரு பகுதி, இப்படி மேண்டேட் ஏற்கப்படாததாலும் ஒரே பான் எண்ணில் இரண்டு முறை போட்டதாலும் பிற்பாடு கழிந்துபோவதும் உண்டு.

"20 மடங்கு வந்திருக்கிறது, எனவே இருபதில் ஒருவருக்குத்தான் கிடைக்கும்" என்று சொல்வதும் சரியல்ல. மடங்கு என்பது பங்குகளின் கணக்கு. குலுக்கல் நடப்பது விண்ணப்பங்களின் கணக்கில். ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சில்லறைப் பிரிவில் 35 லட்சம் பங்குகள், லாட்டுக்கு 100 பங்குகள் என்றால், அதிகபட்சம் 35,000 பேருக்குத் தலா ஒரு லாட் கொடுக்கலாம். 7 கோடிப் பங்குகளுக்குக் கேட்பு வந்தால் 20 மடங்கு. அதைக் கேட்டவர்கள் 5 லட்சம் பேர்தான் என்றால், பலர் ஒன்றுக்கு மேற்பட்ட லாட் கேட்டிருக்கிறார்கள் என்று பொருள். வாய்ப்பு ஏறக்குறைய பதினான்கில் ஒன்று. அதனால் நோட்டில் சில்லறை மடங்குக்குப் பக்கத்திலேயே விண்ணப்பங்களின் எண்ணிக்கைக்கும் ஒரு கட்டம் வைத்திருக்கிறேன்.

கிரே மார்க்கெட் விலைக்குக் கட்டம் இல்லை. அது எந்தச் சந்தையிலும் பதிவாகாத, யாரும் பொறுப்பேற்காத, வாய்மொழி விலை. ஹூண்டாய்க்கு ஒரு கட்டத்தில் 500 ரூபாய்க்கு மேல் கூடுதல் விலை பேசப்பட்டதாகச் செய்திகள் வந்தன; வெளியீடு முடிவதற்குள் அது கரைந்துபோனது. ஆசிரியர் விண்ணப்பிக்க முடிவு செய்தது அந்த 500ஐக் கேட்டபோது. பணம் முடங்கியது அது கரைந்த பிறகு.

வெளியீடு முடிந்த நாளிலிருந்து மூன்றாம் வேலை நாளில் பங்கு பட்டியலிடப்பட வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் கட்டாயம். அக்டோபர் 17 வியாழன் முடிந்த வெளியீடு, சனி ஞாயிறு கழித்து 22ஆம் தேதி செவ்வாய் பட்டியலானது. அன்றைக்கு நோட்டில் மூன்று எண்கள்: தொடக்க விலை, நாளின் முடிவு விலை, வெளியீட்டு விலையோடு ஒப்பிட்ட வித்தியாசம்.

தொடக்க விலை 9 மணிக்குத் தொடங்கும் சிறப்பு ஏல அமர்வில் முடிவாகிறது. வாங்குபவர், விற்பவர் ஆணைகள் குவிந்து, அதிகப் பங்குகள் கைமாறக்கூடிய விலை எதுவோ அதுவே தொடக்க விலை. வழக்கமான வர்த்தகம் 10 மணிக்கு. 9.15க்கோ 9.25க்கோ திரையில் ஓடும் உத்தேச விலையைப் பார்த்து ஆணை போடுகிறவர்களை எச்சரித்துக்கொண்டே இருக்கிறேன். பெரிய ஆணைகளைப் போட்டு விலையை ஏற்றிக் காட்டி, கடைசி நிமிடத்தில் அவற்றை ரத்து செய்யும் போக்கைக் கண்டுதான், ஆணை ஏற்கும் நேரம் கடைசிப் பத்து நிமிடங்களில் ஏதோ ஒரு நொடியில் முன்னறிவிப்பின்றி முடியும்படி 2024இல் செபி விதியை மாற்றியது. விற்க நினைப்பவர் தனக்குச் சம்மதமான விலையை எழுதி லிமிட் ஆணை போடட்டும். அந்த விலை வராவிட்டால் பங்கு கையில் இருக்கும், அவ்வளவே.

அன்று என்எஸ்இயில் தொடக்க விலை 1,934 ரூபாய், முடிவு சுமார் 1,820 ரூபாய். ஒரு லாட் வைத்திருந்தவருக்குத் தொடக்கத்தில் 182 ரூபாயும் மாலையில் ஏறத்தாழ 980 ரூபாயும் நட்டம். 98 பங்குகள் வைத்திருந்த ஆசிரியருக்கு மாலையில் நட்டம் 13,720 ரூபாய், சரியாக ஒரு லாட்டின் விலை. ஒரு லாட் மட்டும் போட்டிருந்தால் அது ஒரு பாடமாகப் போயிருக்கும். 14 லாட் போட்டதால் தூக்கம் போயிற்று. அன்றே எல்லாவற்றையும் விற்றுவிட்டார்.

இந்த நோட்டு முதல் நாளைப் பற்றி மட்டுமே ஏதாவது சொல்லும். நிறுவனத்தைப் பற்றி அல்ல. அதே பங்கு 2025 செப்டம்பரில் 2,500 ரூபாயைத் தாண்டியது. அவர் பட்டியல் நாள் லாபத்துக்காக வந்தவர், எனவே அவரைப் பொறுத்தவரை 0.50 என்ற எண்ணே முக்கியமானது. நீண்டகாலம் வைத்திருக்க வாங்கியவருக்கு நோட்டின் கடைசி வரிதான் பயன்படும். ஒதுக்கீட்டு நாளிலிருந்து 30 நாள் கழிந்ததும் ஆங்கர் முதலீட்டாளர்களின் பங்குகளில் பாதி விற்பனைக்கு விடுபடும், 90 நாளில் மீதிப் பாதி. ஹூண்டாய் பக்கத்தின் அடியில் நவம்பர் 17 என்றும் ஜனவரி 16 என்றும் சிவப்பு மையில் எழுதி, அந்த இரண்டு தேதிகளையும் ஒட்டிய வாரங்களில் விலையை மறுபடி குறித்து வைத்திருக்கிறேன்.